“எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்கம்மா?” – சட்டக் கல்லூரிகளின் சட்ட உதவி மைய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பேனலிலும் இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் உங்கள் மாணவர்களின் ரோல் பிளே பயிற்சிக்கு மதிப்பெண் போட அழைத்திருந்தார்கள். காட்சி இதுதான்: இரவு நேரம், போலீஸ் ஸ்டேஷன் வாசல், பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போன குடும்பம், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மாணவர்.

மாணவி நன்றாகப் படித்தவர். அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு, டி.கே. பாசு தீர்ப்பு, 24 மணி நேரம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மாவாக நடித்த இன்னொரு மாணவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பத்து நிமிடத்தில் காட்சி முடிந்தது. நான் முழு மதிப்பெண் போடவில்லை. ஏன் என்று அன்று விளக்க நேரம் கிடைக்கவில்லை. அதைத்தான் இந்த மடலில் எழுதுகிறேன்.

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் அம்மா சட்டப் பிரிவைக் கேட்க மாட்டார். “எம்புள்ள சாப்பிட்டானாப்பா?” என்பார். அப்புறம், “அடிச்சிருப்பாங்களா?” அதன்பிறகு, “எப்ப விடுவாங்க?” இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் 22ஆவது பிரிவைச் சொன்னால் அது அவர் காதில் ஏறாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. கடைசிவரை அந்த மாணவி, பையனை எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள் என்று கேட்கவே இல்லை.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். வகுப்புக்காக நான் கட்டிய கதைதான், ஆனால் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். பையனுக்கு 22 வயது, டூவீலர் மெக்கானிக். வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு மஃப்டியில் வந்த இரண்டு பேர், “ஒரு விசாரணை, வந்துட்டுப் போ” என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஏதோ பைக் திருட்டு என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். இரவு 11 மணிக்கு அம்மாவும் அக்காவும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்கள். பாரா காவலர் உள்ளே விடவில்லை. ரைட்டர் வெளியே வந்து தன்மையாகவே பேசுகிறார்: “ஒண்ணும் இல்லம்மா, விசாரிச்சிட்டு காலைல அனுப்பிடுவோம். வீட்டுக்குப் போங்க.”

உங்கள் பயிற்சியில் போலீசாக நடிப்பவர் எப்போதும் மிரட்டுகிறார், மேசையைத் தட்டுகிறார். மிரட்டலை மாணவர்கள் எளிதாகச் சமாளித்துவிடுவார்கள். இந்தத் தன்மையான பேச்சைத்தான் சமாளிக்கத் தெரியாது. அம்மா அதை நம்பி வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் கைதுக் குறிப்பில், “சனிக்கிழமை அதிகாலை 5.30 மணி, பேருந்து நிலையம் அருகே, சந்தேகத்திற்கிடமாக நின்றிருந்தபோது கைது” என்று இருக்கும். வெள்ளி இரவு 7 மணியிலிருந்து பத்தரை மணி நேரம் காகிதத்தில் இல்லாமலே போய்விடும். மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுவர வேண்டிய 24 மணி நேரம் சனி இரவு 7 மணிக்கு முடிய வேண்டியது, ஞாயிறு காலை 5.30 வரை நீண்டுவிடும். அடி விழுவதும் பெரும்பாலும் அந்தக் காணாமல்போன நேரத்தில்தான்.

அதனால் மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்கம்மா?” என்பதுதான். கேட்டால் மட்டும் போதாது, ஆதாரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு மணி சரியாகத் தெரியாது. “விளக்கு வச்ச நேரம்” என்பார். அவருடைய போனை வாங்கி அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். மகனுக்கு 7.14க்குப் போன அழைப்பை வேறு யாரோ எடுத்திருப்பார். 7.20க்கு மேல் போன் அணைந்திருக்கும். பட்டறைக்கு எதிரே பெட்ரோல் பங்க் இருந்தால் அங்கே கேமரா இருக்கும். பழைய பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் மறுநாளே யாராவது போய்க் கேட்க வேண்டும். உரிமைகளைச் சொல்லுமுன் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து, ரைட்டரிடம் மாணவர் என்ன பேசலாம்? குரலை உயர்த்தாமல் ஒரே கேள்வி: “சார், இது கைதா, விசாரணையா?” சட்டத்தில் இந்த இரண்டு நிலைதான் உண்டு. விசாரணை என்றால் எழுத்தில் அழைப்பு இருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.இல் சந்தேகத்துக்குள்ளானவருக்கு 35(3), சாட்சிக்கு 179. அப்படி வந்தவரை விடிய விடிய உட்கார வைக்க முடியாது. கைது என்றால் கைதுக் குறிப்பு வேண்டும். அதில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். 48ஆவது பிரிவின்படி, கைது செய்ததையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் உறவினருக்கோ நண்பருக்கோ சொல்லி, யாரிடம் சொன்னோம் என்று ஸ்டேஷன் புத்தகத்தில் எழுத வேண்டும். ‘சும்மா உட்கார வச்சிருக்கோம்’ என்கிற மூன்றாவது நிலை சட்டத்தில் கிடையாது. ஒருவரைப் போக விடாமல் தடுத்த நேரத்திலிருந்தே காவல் தொடங்குகிறது, காகிதத்தில் எழுதிய நேரத்திலிருந்து அல்ல என்று உயர் நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன.

ரைட்டர் பதில் சொல்லவில்லை என்றால் வாக்குவாதம் வேண்டாம். எங்கள் சீனியர்கள் அந்தக் காலத்தில், “முதல்ல தந்தி கொடு” என்பார்கள். தந்தியில் நேரம் பதிவாகிவிடும், அதற்காகத்தான். 2013இல் தந்தி நின்றுபோனது, ஆனால் அந்த வேலை இன்றும் தேவைப்படுகிறது. அக்காவை 112க்கு அழைக்கச் சொல்லுங்கள். அப்புறம் நாலு வரியில் ஒரு மனு: இன்ன பெயர், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இந்த ஸ்டேஷனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார், இதுவரை எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. இதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்பினால் நேரம் தானாகப் பதிவாகிவிடும். இதை வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். அடைமொழி, குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். “சட்டவிரோதமாகக் கடத்திச் சென்று” என்று எழுதினால், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே இரண்டு நாள் ஓட்டிவிடுவார்கள்.

“எப்ப விடுவாங்க?” என்ற கேள்விக்கு வருகிறேன். அன்றைய மாணவி, “நாளைக்கே ஜாமீன் கிடைத்துவிடும்” என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்து இரக்கத்தில் சொன்னது. ஆனால் பிரிவு தெரியாமல் அந்தப் பதிலைச் சொல்லவே கூடாது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் உரிமை. இங்கே பைக் திருட்டு, பி.என்.எஸ். 303(2), ஜாமீனில் விட முடியாத குற்றம், அதிகபட்சம் மூன்றாண்டு தண்டனை. ஸ்டேஷனில் உரிமையாகக் கேட்க முடியாது, மாஜிஸ்ட்ரேட்டிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் ஏழாண்டுக்கு உட்பட்ட குற்றம் என்பதால், கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும். அதைப் பார்க்காமல் மாஜிஸ்ட்ரேட் ரிமாண்ட் செய்யக் கூடாது என்று 2014இல் ஆர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது ரிமாண்டின்போது வக்கீல் பேச வேண்டியது. வாசலில் ரைட்டரிடம் அம்மா வாதிட வேண்டியது அல்ல. “எழுதிப் போட்ட பிரிவு என்னன்னு தெரிஞ்சப்புறம்தாம்மா சொல்ல முடியும், அதை நாம வாங்கிடலாம்” என்று சொன்னால் போதும். இந்தப் பதட்டத்தில்தான் யாரோ ஒருவர் வந்து, “இவ்வளவு கொடுத்தா வெளிய வந்துடுவான்” என்பார். ஸ்டேஷனில் ஜாமீனுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது என்பதை அம்மாவிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மாணவர் வக்கீல் அல்ல என்பதையும் பயிற்சியிலேயே உணர வேண்டும். விசாரணையின்போது கைதானவர் தன் விருப்பப்படி ஒரு வக்கீலைச் சந்திக்கலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 38ஆவது பிரிவு. விசாரணை முழுவதும் அருகிலேயே இருக்க முடியாது, ஆனால் சந்திக்கலாம். அந்த உரிமையை வைத்துக்கொண்டு மாணவர் உள்ளே போக முடியாது. சட்ட உதவி எண்ணான 15100க்குப் பேசி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து பேனல் வக்கீலை வரவழைப்பதுதான் அவர் வேலை. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பல குடும்பங்கள் நகையை அடகு வைத்த பிறகுதான் இதைக் கேள்விப்படுகின்றன.

வக்கீல் வந்ததும் கேட்க வேண்டிய முதல் காகிதம், கைதுக்கான காரணங்கள். அதை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். உடனே எழுத்தில் தர முடியாமல் போனாலும், ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது தந்திருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நம் பையனுக்குத் தமிழில் வேண்டும்.

“அடிச்சிருப்பாங்களா?” என்பதற்கு வாசலில் பதில் இல்லை. “அடிச்சிருக்க மாட்டாங்க” என்றும் சொல்லக் கூடாது. கைதானவுடன் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், அறிக்கையின் நகல் பையனுக்கோ அவன் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும் என்பதைச் சொல்லலாம். ரிமாண்ட் செய்யும் இடத்தில், அது ஞாயிற்றுக்கிழமை மாஜிஸ்ட்ரேட் வீடாக இருந்தாலும் சரி, அம்மாவும் அக்காவும் அவன் கண்ணில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். போலீஸ் பக்கத்தில் நிற்கும்போது, “யாராவது அடித்தார்களா?” என்று கேட்டால் தனியாக வந்த பையன் தலையை ஆட்டி, இல்லை என்றுதான் சொல்வான். 2020இல் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் மருத்துவச் சான்றும் ரிமாண்ட் உத்தரவும் வாங்கித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். காகிதங்கள் எல்லாம் இருந்தன. அவர்களைச் சரியாகப் பார்த்தவர்தான் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த பருவத்தில் காட்சியைப் பத்து நிமிடத்தில் முடிக்காமல் ஒரு மணி நேரம் நடத்துங்கள். ரைட்டர் வேடத்துக்கு ஓய்வுபெற்ற காவலர் ஒருவரை அழையுங்கள். அவருக்குத்தான் அந்தத் தன்மையான பேச்சு சரளமாக வரும். அம்மாவாக நடிப்பவரிடம் நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு, மாணவர் கேட்டால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். முடிவில் மாணவர் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும்: கூட்டிப் போன நேரம், பார்த்தவர் பெயர், போனில் கிடைத்த ஆதாரம், 112க்குப் பேசிய நேரம், மனு அனுப்பிய நேரம், பேனல் வக்கீலின் எண். நான் அந்தக் காகிதத்துக்குத்தான் மதிப்பெண் போடுவேன். பிரிவு எண்ணை மறந்துபோனாலும் குறைக்க மாட்டேன்.

சாப்பாட்டுக் கேள்வியை மறக்கவில்லை. அம்மா கையில் ஒரு தூக்குவாளி இருக்கும். அதை உள்ளே கொடுக்க அனுமதி கேளுங்கள். வாங்கிக்கொண்டால் பையன் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்துவிடும். வாங்கிய நேரத்தையும், வாங்கிய காவலரின் பெயர்ப் பட்டையில் உள்ள பெயரையும் அந்தக் காகிதத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு பேனல் வக்கீல்