முல்லைப் பெரியாறு எந்தப் பக்கம்? குடிமையியல் தாள் திருத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சைதாப்பேட்டையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவன் நான். போன வாரம் என் மாணவி ஒருத்தி, பள்ளியில் திருத்தித் தந்த மாதிரித் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ‘அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி ஆகியவற்றைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் வேறுபடுத்துக’ என்பது கேள்வி. ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு. அதிகாரப் பிரிவினைக்கு அவள் முல்லைப் பெரியாறு வழக்கை எழுதியிருந்தாள். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் ‘இது கூட்டாட்சி’ என்று ஒரு குறிப்பு.

திருத்தியவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது எனக்குப் புரிகிறது. தமிழ்நாடு, கேரளா என்று இரண்டு மாநிலங்கள். நடுவில் உச்ச நீதிமன்றம். இரண்டு மாநிலம் வந்தாலே கூட்டாட்சி என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் அந்தப் பெண் எழுதியதுதான் சரி.

2006 பிப்ரவரி 27 அன்று, அணையின் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடி வரை உயர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணை அதைத் தாங்கும் என்பதை ஆதாரங்களைப் பார்த்து முடிவு செய்த தீர்ப்பு அது. சில வாரங்களில் கேரள சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, இந்த அணைக்கு 136 அடிதான் உச்ச வரம்பு என்று எழுதிவைத்தது. தமிழ்நாடு வழக்குப் போட்டது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தத் திருத்தம் முல்லைப் பெரியாறு அணைக்குச் செல்லாது என்றது. நீர்ப்பாசனத்தைப் பற்றிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்பதல்ல அங்கே சொன்ன காரணம். நீதிமன்றம் விசாரித்து முடிவுகட்டிய ஒன்றை, ‘இல்லை, அது அப்படியில்லை’ என்று சட்டமன்றம் மாற்றி எழுத முடியாது என்பதுதான் காரணம். சட்டமன்றம் நீதிமன்றத்தின் வேலையில் கைவைத்தது. அதாவது, அதிகாரப் பிரிவினை.

கூட்டாட்சிக்கு உதாரணம் வேண்டுமா? அதே 2014 மே 7 அன்று, அதே உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டத்தைச் செல்லாது என்றது. ஒரே நாளில் இரண்டு மாநிலச் சட்டங்கள் விழுந்தன. ஒன்றில் நமக்கு வெற்றி, மற்றதில் தோல்வி. பாடம் நடத்துபவனுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஜல்லிக்கட்டுச் சட்டம் விழுந்த காரணம் வேறு. விலங்குவதைத் தடுப்பு என்பது பொதுப்பட்டியலில் 17ஆவது இனம். அதில் நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். நாடாளுமன்றம் 1960இலேயே விலங்குவதைத் தடுப்புச் சட்டம் போட்டுவிட்டது. மாநிலச் சட்டம் அதனோடு முரண்பட்டால், சட்டப்பிரிவு 254இன்படி மத்தியச் சட்டமே நிற்கும். நம் 2009 சட்டம் முரண்பட்டது என்று நீதிமன்றம் கண்டது. விலங்குகளின் நலன் பற்றியும் அந்தத் தீர்ப்பு நிறையப் பேசுகிறது. ஆனால் மாநிலச் சட்டம் விழுந்தது இந்த முரணில்தான்.

அதே 254இல் ஒரு வாசல் இருக்கிறது. மாநிலச் சட்டமுன்வடிவைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதல் பெற்றுவிட்டால், முரண் இருந்தாலும் அந்த மாநிலத்துக்குள் அதுவே செல்லும். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வாரமே அவசரச் சட்டம் வந்தது. ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் சட்டமுன்வடிவு நிறைவேறியது. பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அது செல்லும் என்றார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் ‘மக்கள் போராடினார்கள், சட்டம் வந்தது’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். கடற்கரையோடு நிற்காமல் குடியரசுத் தலைவர் வரை போனால்தான் அது கூட்டாட்சிக்கு உதாரணம். (இந்த வாசலும் நிரந்தரம் இல்லை, நாடாளுமன்றம் நினைத்தால் பின்னால் ஒரு சட்டம் போட்டு அதை மாற்றலாம்.)

இங்கே ஒரு கெட்டிக்காரப் பையன் என்னை மடக்கினான். ‘சார், 2014 தீர்ப்பை 2017 சட்டம் மாற்றிவிட்டதே, கேரளா செய்ததும் அதுதானே?’ நல்ல கேள்வி. தீர்ப்பு தப்பு என்று 2017 சட்டம் சொல்லவில்லை. எந்தக் குறையால் பழைய சட்டம் விழுந்ததோ, அந்தக் குறையைச் சரிசெய்தது. மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும்படி திருத்தி, ஒப்புதலும் வாங்கியது. கேரளா செய்தது அப்படியல்ல. 142 அடி பாதுகாப்பானது என்ற முடிவுக்கு எதிராக 136 என்று எழுதியது. தீர்ப்பு நிற்கும் அடிப்படையை மாற்ற சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு, தீர்ப்பையே அடித்து எழுத உரிமை இல்லை.

வகுப்பில் நான் சொல்லித்தரும் சோதனை ஒன்றுதான். அதே சட்டத்தை நாடாளுமன்றமே போட்டிருந்தால் அதே காரணத்துக்காக அது விழுந்திருக்குமா? அணை வழக்கில் விழுந்திருக்கும், ஏனென்றால் நாடாளுமன்றமும் தீர்ப்பை அடித்து எழுத முடியாது. ஜல்லிக்கட்டில் விழுந்திருக்காது, தன் சட்டத்தோடு தானே முரண்படும் பேச்சு அங்கே எழாது. முதலாவது சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்ற பக்கவாட்டுக் கோடு. இரண்டாவது டெல்லிக்கும் மாநிலத்துக்கும் நடுவே உள்ள மேல்கீழ்க் கோடு.

பக்கவாட்டுக் கோட்டைப் பற்றி இன்னொன்று. ‘மூன்று துறைகளும் முற்றிலும் தனித்தனி’ என்று எழுதினால் முழு மதிப்பெண் போடுகிறீர்கள். புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் ஒரே கோட்டைக்குள். அமைச்சர் பேரவையில் வாக்களித்துவிட்டு, அப்படியே நடந்து தன் அலுவலகத்துக்குப் போய்க் கோப்பில் கையெழுத்துப் போடுவார். நம் அரசமைப்பு அதை அனுமதிக்கிறது. உயர் நீதிமன்றம் மட்டும் பாரிமுனைப் பக்கம், தன் வளாகத்தில் தனியாக இருக்கிறது. நம் நாட்டில் கோடு அழுத்தமாக விழுவது அங்கேதான்.

ஐந்து மதிப்பெண்ணுக்கு நான் எழுதச் சொல்லும் விடை இவ்வளவுதான்:

‘அதிகாரப் பிரிவினை என்பது ஓர் அரசின் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை ஆகியவற்றுக்கு இடையிலான பங்கீடு. நீதிமன்றம் முடிவு செய்த அணையின் நீர்மட்டத்தைச் சட்டத்தால் மாற்றிய கேரளத்தின் 2006 திருத்தம் இதனால் 2014இல் செல்லாததாயிற்று. கூட்டாட்சி என்பது மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான பங்கீடு. பொதுப்பட்டியலில் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டதால் தமிழ்நாட்டின் 2009 ஜல்லிக்கட்டுச் சட்டம் 2014இல் விழுந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு வந்த 2017 சட்டம் நின்றது.’

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். விடைக்குறிப்பில் உதாரணத்தின் பெயரை மட்டும் அச்சிடாதீர்கள். பக்கத்தில் ‘காரணம் எழுதியிருந்தால்’ என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பெண் காரணத்தையும் எழுதியிருந்தாள், மூன்றாவது வரியில். சிவப்புக் கோடு அதன் மேல்தான் போயிருந்தது.

இப்படிக்கு,
சைதாப்பேட்டையிலிருந்து ஒரு மாலை வகுப்பு வாத்தியார்