எழுதிக் கொடுத்த ராஜினாமாவும் எழுத வைத்த ராஜினாமாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியில், ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டால் பணிநீக்க வழக்குப் போட முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. அதை நம்பிப் பலர் வீட்டோடு இருந்துவிடுவார்களே என்ற கவலையில் எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடை ஊழியர்களுக்கு மனு எழுதித் தருகிறவன் நான்.

விரும்பி விலகியவருக்கு வழக்கில்லை, சரி. ஆனால் இனி இருக்கவே முடியாது என்ற நிலைக்குத் தள்ளி எழுத வைத்தால், அது ராஜினாமா என்ற பெயரில் நடந்த பணிநீக்கம்தான். நம் தொழிலாளர் சட்டங்களில் இதற்கென்று தனி வரையறை கிடையாது. விலகியவர் மனமுவந்துதான் விலகினாரா என்பதையே நீதிமன்றம் பார்க்கிறது. இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு ஊழியரின் தலையில் விழுகிறது.

நேராகவே நிறுத்தாமல் ஏன் இந்தச் சுற்றுவழி? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த நியாயமான காரணம் வேண்டும்; ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ தரவேண்டும். குற்றம் சாட்டி நிறுத்துவதானால் விசாரணை நடத்தவேண்டும். அதன் பிறகும் ஊழியர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். அவராகவே போய்விட்டால் முதலாளிக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை.

இங்கே ஒரு ஜவுளிக்கடையில் நடந்ததைச் சொல்கிறேன். கண்டாங்கிச் சேலைப் பிரிவில் பல வருடம் நின்ற ஒரு பெண்ணை, தீபாவளிக்கு முன்னால் மாடி குடோனுக்கு மாற்றினார்கள். மாற்றியது மட்டும் என்றால் நானே வழக்கு வேண்டாம் என்றிருப்பேன். ஓர் ஊழியரை எந்தப் பிரிவில் போடுவது என்பதில் நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. சூப்பர்வைசர் நாலு வார்த்தை கடுமையாகப் பேசியதும் தனியாகப் போதாது. ஆனால் குடோனில் விற்பனை கிடையாது என்பதால் மாதா மாதம் வந்த கமிஷன் நின்றது. அடுத்து வார விடுமுறை போனது. பிறகு அவர் உட்காரும் ஸ்டூலை மட்டும் எடுத்துவிட்டார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை தரவேண்டும் என்று 2021இல் இதே சட்டத்தில் திருத்தம் வந்தும் இது நடந்தது. கூலியும் ஓய்வும் வேலை ஒப்பந்தத்தின் ஆணிவேர். அதில் கைவைத்ததும், இத்தனையும் அடுத்தடுத்து ஒருவர் மேல் மட்டும் விழுந்ததும்தான் இதை வழக்காக்குகின்றன.

கடைசியில் சூப்பர்வைசர் சொல்லச் சொல்ல, 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெரும்பாலான வழக்குகள் சாய்வது இந்த வரியில்தான். நல்லவேளை, அன்று மாலையே என்னிடம் வந்தார். ராஜினாமா ஏற்கப்படும் வரை அதைத் திரும்பப் பெறலாம். மறுநாள் காலையிலேயே, கமிஷன் நின்றது முதல் ஸ்டூல் வரை தேதிவாரியாக எழுதி, வற்புறுத்தலில் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கமிஷன் வந்ததற்கும் நின்றதற்கும் அவருடைய வங்கிப் பாஸ்புக்கே சாட்சி.

சிலர் கோபத்தில் கடிதமே கொடுக்காமல் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அது இன்னும் மோசம். வேலையைக் கைவிட்டார் என்று கடைக்காரர் எழுதி வைத்துக்கொள்வார். வேறு சிலர் ஒரு வருடம் வாய்திறக்காமல் பொறுத்துவிட்டு, பிறகு கட்டாயப்படுத்தினார்கள் என்கிறார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று வாதாட எதிர்த்தரப்புக்கு இடம் கொடுத்துவிடுகிறோம். ஆட்சேபத்தை அந்தந்த மாதமே எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்ன வழக்கிலும் எழுதிக் கொடுத்த மனுக்கள்தான் கைகொடுத்தன. மத்தியப் பிரதேசத்தில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்த ஒரு பெண்ணை 2014இல் குவாலியரிலிருந்து சீதி என்ற தொலைவூருக்கு நடு ஆண்டில் மாற்றினார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரையாவது விடுங்கள் என்று அவர் கொடுத்த மனுக்கள் தள்ளுபடியாயின. அவர் ராஜினாமா செய்தார். அதை மனமுவந்த விலகலாகக் கொள்ள முடியாது என்று சொல்லி, பணித்தொடர்ச்சியுடன் அவரை மீண்டும் வேலையில் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இடைப்பட்ட காலச் சம்பளம் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு நீதிபதிக்கே இதற்கு ஏழரை ஆண்டு ஆனது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்பே தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் ஒரு புகார் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளும்படி உங்கள் பதில் பகுதியில் சேர்த்துப் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி