"இன்னொரு தடவை டெஸ்ட் போடுங்கள்" என்று சொல்பவர்களுக்கு

ஊசி மருந்துத் தொழிற்சாலைகளில் பேட்ச் வெளியிடும் கூட்டத்தில் உட்காரும் மேலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். உங்கள் கூட்டத்துக்கு ரிசல்ட் அனுப்பும் நுண்ணுயிரியல் லேபில் வேலை செய்பவர்களில் நானும் ஒருவர். மருந்தில் உயிருள்ள கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்டெரிலிட்டி டெஸ்டில் வளர்ச்சி தெரிந்தால் உங்களில் பலர் முதலில் சொல்வது, "லேபில்தான் ஏதோ தப்பு நடந்திருக்கும், திரும்பப் போடுங்கள்" என்பது. அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பத்தாயிரம் குப்பிகள் கொண்ட ஒரு பேட்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஸ்டெரிலிட்டி டெஸ்டுக்கு வருவது வழக்கமாக 20 குப்பிகள். அவற்றில் உள்ள மருந்தை மெல்லிய சவ்வு ஃபில்டர் வழியாக வடித்து, மருந்தின் சுவடு போகும்வரை கழுவி, அந்த ஃபில்டர் இருக்கும் கேனிஸ்டர்களில் கிருமி வளர உதவும் இரண்டு வகை மீடியாவை ஊற்றுகிறோம். ஒன்று 30 முதல் 35 டிகிரியிலும் மற்றொன்று 20 முதல் 25 டிகிரியிலும் 14 நாட்கள் இன்குபேட்டரில் இருக்கும். இடையிடையே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். ஒன்பதாம் நாள் ஒரு கேனிஸ்டரின் அடியில் புகை படிந்தது போல லேசான கலங்கல் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மெதுவாகச் சுழற்றினால் அது நூலாக எழுந்து கலைகிறது. உங்களுக்கு ஃபோன் வருவது அப்போதுதான்.

இந்தப் பேட்சில் நூற்றில் ஒரு குப்பியில் கிருமி இருந்திருந்தால் மொத்தம் நூறு குப்பிகள் கெட்டவை. அப்படியிருந்தும் நாம் எடுக்கும் 20 குப்பிகளும் சுத்தமாக அமைவதற்கான வாய்ப்பு 0.99 ஐ இருபது முறை பெருக்கினால் கிடைக்கும்: சுமார் 82 சதவீதம். அதாவது நூறு குப்பிகள் கெட்டுப்போன பேட்சையும் இந்த டெஸ்ட் ஐந்தில் நான்கு தடவை பாஸ் செய்துவிடும். ஆயிரத்தில் ஒன்று என்றால், பிடிபடுவது நூற்றுக்கு இரண்டு தடவைதான்.

சரி, இப்போது "திரும்பப் போடுங்கள்" என்பதன் பொருளைப் பாருங்கள். முதல் டெஸ்ட் பிடித்துவிட்டது. அதே பேட்சிலிருந்து வேறு 20 குப்பிகளை எடுத்துப் போட்டால், மருந்தில் எதுவும் மாறாமலேயே 82 சதவீதம் பாஸ் என்றுதான் வரும். அந்த பாஸ் முதல் ஃபெயிலைப் பொய்யாக்காது. இரண்டு ரிசல்டையும் எதிரெதிரே வைத்து நல்லதை எடுத்துக்கொள்வது, கண்ணில் பட்ட ஓட்டையை மூடாமல் கண்ணை மூடிக்கொள்வதுதான்.

லேப் தவறே செய்யாது என்று நான் சொல்லவில்லை. அதை நிரூபிக்க விதியில் வழி இருக்கிறது. டெஸ்ட் நடந்த அறையின் சூழல் கண்காணிப்பில் குறை தெரிய வேண்டும். அல்லது செய்முறையில் பிழை இருந்ததாகப் பதிவேட்டில் தெரிய வேண்டும். அல்லது மருந்தே போடாத நெகட்டிவ் கன்ட்ரோலில் வளர்ச்சி வர வேண்டும். அல்லது வளர்ந்த கிருமியை இனம் கண்டபின், அது டெஸ்டுக்குப் பயன்படுத்திய பொருளிலோ செய்த முறையிலோ இருந்துதான் வந்தது என்று ஐயமறச் சொல்ல முடிய வேண்டும். இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் முதல் டெஸ்ட் செல்லாது, மறுபடி போடலாம். இல்லையென்றால் பேட்ச் ஃபெயில், அவ்வளவுதான்.

அதனால் அந்த ஒன்பதாம் நாள் ஃபோனில் கேட்க வேண்டியது "எப்போது ரிப்பீட்?" என்பதல்ல, "என்ன கிருமி?" என்பது. மனிதத் தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகை என்றவுடனேயே, "பார்த்தீர்களா, உங்கள் ஆள் கை பட்டது" என்று சொல்லப்படுகிறது. ஃபில்லிங் லைனில் நிற்பவர்களுக்கும் தோல் இருக்கிறது! அன்றைய ஃபில்லிங்கின்போது காற்றில் வரும் கிருமியைப் பிடிக்கத் திறந்து வைத்த தட்டிலும், ஆபரேட்டரின் கையுறைத் தடத்திலும் அதே இனம் இருந்ததா என்று பார்க்காமல் இதில் தீர்ப்பு சொல்லவே முடியாது. முடிந்தால் மரபணு அளவில் ஒப்பிட வேண்டும்.

அப்புறம், இன்னொரு சுருக்குவழியும் கூட்டத்தில் கேட்கிறது: "ஸ்டெரிலிட்டி பாஸ் ஆகிவிட்டதே, எண்டோடாக்சினுக்கு ஏன் இவ்வளவு அலட்டல்?" ஃபில்லிங் மெஷின் பழுதாகி, சனிக்கிழமை கலக்கிய கரைசல் திங்கள்வரை தொட்டியிலேயே கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரில் பழகிய கிராம் நெகட்டிவ் பாக்டீரியா அதற்குள் பெருகிவிடும். திங்களன்று 0.22 மைக்ரான் ஃபில்டர் அவற்றைத் தடுத்துவிடுகிறது. ஆனால் அவற்றின் வெளிச்சுவரிலிருந்து கழன்ற எண்டோடாக்சின் என்ற நச்சு அந்தத் துளைகளில் தாராளமாக நுழைந்து போய்விடும். 121 டிகிரி ஆட்டோகிளேவும் அதை அழிக்காது. கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரமாவது வைப்பது அதற்காகத்தான். மருந்துக் கரைசலை அப்படிச் சுட முடியாது. ஆகவே ஸ்டெரிலிட்டி பாஸ் என்பது இங்கே பொய்யல்ல, குப்பியில் உயிருள்ள கிருமி இல்லைதான். ஆனாலும் அந்த எண்டோடாக்சினால் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம், அளவு கூடினால் ரத்த அழுத்தமும் இறங்கலாம்.

குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுக்கும் எல்ஏஎல் என்ற சோதனைப் பொருள் அதைக் காட்டிக்கொடுக்கிறது. ஜெல் முறையில், மருந்தும் எல்ஏஎல்லும் கலந்த குழாயை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, நேர் தலைகீழாகக் கவிழ்க்கிறோம். உறைந்த கட்டி அடியிலேயே ஒட்டி நின்றால் எண்டோடாக்சின் இருக்கிறது. வழிந்தால் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே. பக்கத்திலேயே, அதே மருந்தில் தெரிந்த அளவு எண்டோடாக்சினை நாங்களே சேர்த்த குழாய் ஒன்றும் இருக்கும். அதுவும் வழிந்துவிட்டால் மருந்தே டெஸ்டை முடக்குகிறது என்று அர்த்தம். அனுமதிக்கப்பட்ட அளவுவரை நீர்க்கச் செய்து மறுபடி பார்க்க வேண்டும். இங்கே ரிப்பீட் கேட்பது நாங்கள்தான், அதற்குக் காரணமும் குழாயிலேயே தெரிகிறது.

எண்டோடாக்சினில் இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. அது லேபைவிட உங்கள் மேசையைச் சேர்ந்தது. நரம்பு வழி மருந்துகளுக்குப் பொதுவான உச்சவரம்பு, ஒரு மணி நேரத்தில் உடல் எடை கிலோவுக்கு 5 எண்டோடாக்சின் யூனிட். அதை மருந்தின் அதிகபட்ச டோஸால் வகுத்தே ஒவ்வொரு மருந்துக்கும் வரம்பு வைக்கிறார்கள். 1998 இல் அமெரிக்காவில் ஜென்டாமைசின் நரம்பு வழி பெற்ற நோயாளிகளுக்கு எண்டோடாக்சின் விளைவு போன்ற குளிர் நடுக்கம் வந்தது. அப்போது அந்த மருந்தின் வரம்பு மில்லிகிராமுக்கு 1.7 யூனிட். ஒரு நாளைக்கான மருந்தைப் பல வேளையாகப் பிரித்துக் கொடுத்தவரை அது போதுமானதாக இருந்தது. ஆனால் மருத்துவர்கள் ஒரே வேளையில் கொடுக்கும் முறைக்கு மாறியிருந்தார்கள். கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஒரே தடவையில் என்றால், வரம்பைத் தொட்டு நிற்கும் மருந்திலிருந்து கிலோவுக்கு 8.5 யூனிட் போகும். சான்றிதழில் பாஸ், உடம்பில் உச்சவரம்புக்கு மேல்.

எங்கள் குழாய்களால் இதைப் பார்க்க முடியாது. டோஸ் மாறியதும், புதிய செறிவு வந்ததும், புதிய நோய்க்கு அனுமதி கிடைத்ததும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அந்தத் தாள் எங்களிடம் வந்தால் வரம்பைப் புதிதாகக் கணக்கிட அரை மணி நேரம் போதும். அடுத்த கூட்டத்திலிருந்து அதையும் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். ஃபெயில் ஆன ஸ்டெரிலிட்டி டெஸ்டுக்கு ரிப்பீட் கேட்பவர், மேலே சொன்ன நான்கு காரணங்களில் எது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
லேபிலிருந்து ஒரு நுண்ணுயிரியல் ஆய்வாளர்