உபகாரச் சம்பளம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு தனியார் கல்வி அறவாரியம் உபகாரச் சம்பளம் வழங்கிய நிகழ்ச்சியைக் கடந்த ஞாயிறு தங்கள் நாளிதழில் அரைப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். அதில் தலைவர் பேசியதாக ஒரு வரி: "எங்கள் கணக்குகள் ஆண்டுதோறும் கணக்காய்வு செய்யப்படுகின்றன. யாரும் கேள்வி எழுப்ப இடமில்லை." அந்த வரியைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள். கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கணக்காய்வாளர் கையெழுத்துப் போடுவது எதற்கு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நிதி அறிக்கைகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன என்பது அவருடைய கருத்து. அதற்காக அவர் சில பதிவுகளை மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பார். உபகாரச் சம்பளம் என்று ஒரு தொகை நிதியிலிருந்து கழிக்கப்பட்டிருந்தால் விண்ணப்பம், குழுவின் ஒப்புதல், மாணவருக்குக் கொடுத்த கடிதம், மாணவர் கணக்கில் வரவு, எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாம் இருக்கும். அந்தத் தொகையால் மாணவருக்கு நிஜமாகவே எவ்வளவு மிச்சமானது என்ற கேள்வி அவருடைய வேலைப் பட்டியலில் வழக்கமாக வராது.

என் தங்கையின் மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, வேறோர் அறவாரியத்தைச் சார்ந்த கல்லூரியில் சேர்ந்தாள். ஆண்டுக் கட்டணம் 12,000 வெள்ளி. அவளுக்கு 5,000 வெள்ளி உபகாரச் சம்பளம் என்று கடிதம் வந்தது. மேடையில் படம் எடுத்தார்கள், எங்கள் வீட்டில் கேக் வெட்டினார்கள். அவளோடு ஒரே நாளில் பதிந்த தோழிக்கு உபகாரச் சம்பளம் கிடையாது. ஆனால் குறித்த தேதிக்குள் பதிந்த எல்லாருக்கும் கல்லூரி 4,000 வெள்ளி தள்ளுபடி கொடுத்தது. தோழி கட்டியது 8,000. எங்கள் பிள்ளை கட்டியது 7,000. அவளும் அதே தேதிக்குள் பதிந்தவள்தான், ஆனால் 'ஒருவருக்கு ஒரு சலுகை மட்டுமே' என்ற விதியால் தள்ளுபடி அவளுக்கு இல்லாமல் போயிற்று. அலுவலகத்தில் கொடுத்த கட்டண விவரத் தாளை என்னிடம் நீட்டி, "மாமா, எனக்கு உண்மையிலேயே கிடைத்தது ஆயிரம்தானே?" என்று கேட்டாள்.

ஆமாம், ஆயிரம்தான். ஆனால் அறவாரியத்தின் நிதிக் கணக்கில் அவள் பெயருக்கு எதிரே கழிக்கப்பட்டது 5,000. அவளைப் போல் 20 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடையாளர்கள் ஏழை மாணவர்களுக்காகக் கொடுத்த பணத்தில் 1,00,000 வெள்ளி செலவு. பிள்ளைகளுக்குக் கிடைத்த நன்மை 20,000. மீதி 80,000, கல்லூரி தன் வியாபாரத்துக்காகத் தானே விட்டுக்கொடுத்திருக்க வேண்டிய தள்ளுபடியை ஈடுகட்டப் போயிருக்கிறது. ரசீது இருக்கிறது, கூட்டல் சரி, கணக்காய்வாளருக்கும் குறை தெரியாது. செய்தியில் மட்டும் 'ஒரு லட்சம் வெள்ளி உபகாரச் சம்பளம்' என்று வரும்.

இது நடக்க இடம் கொடுப்பது அமைப்பு. 1996ஆம் ஆண்டு தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டப்படி கல்லூரியை ஒரு கம்பெனிதான் நடத்த வேண்டும். நிதி இருப்பது அறவாரியத்தில். இரண்டு பக்கமும் அதே ஆட்கள் உட்கார்ந்திருப்பது நம் சமூகத்தில் சாதாரணம். கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒன்றாக இருக்கும்போது தள்ளுபடி எது, உதவி எது என்று பிரித்துப் பார்க்க அங்கே யாருக்கும் அவசரம் இல்லை. அறிக்கையின் பின்பக்கத்தில் தொடர்புடைய தரப்பினர் பற்றிய குறிப்பு ஒன்று இருக்கும். நன்கொடை கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதுவரை புரட்டியிருப்பார்கள்?

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமான காரியம் இல்லை. ஒரே தவணையில், ஒரே படிப்பில் சேர்ந்தவர்களின் கட்டணப் பேரேட்டை எடுத்து, உபகாரச் சம்பளம் பெற்றவர்கள் கையிலிருந்து கட்டிய தொகையையும் பெறாதவர்கள் கட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அந்த வித்தியாசம்தான் உண்மையான உதவி. நிதியிலிருந்து கழித்த தொகை அதைவிடப் பெரியதாக இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும். அறவாரியமே விரும்பினால் இந்த ஒப்பீட்டை மட்டும் செய்து தரச் சொல்லிக் கணக்காய்வாளரைத் தனியாக அமர்த்தலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் கிடந்து உறுத்துகிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் ஓர் அறவாரியத்தின் கணக்கைப் பார்க்கப் போனோம். மாணவர் நிதி 2,00,000 வெள்ளி, வங்கியில் நிரந்தர வைப்பாக இருந்தது. வைப்புச் சான்றிதழைக் காட்டினார்கள், தொகை சரியாக இருந்தது. வங்கிக்கு நாங்கள் நேரடியாக அனுப்பிய உறுதிக் கடிதத்துக்குப் பதில் வந்தபோதுதான், கட்டடத்துக்காக எடுத்த மிகைப்பற்றுக் கடனுக்கு அந்த வைப்பு பிணையாகக் கட்டப்பட்டிருப்பது தெரிந்தது. பணம் இருந்தது, ஆனால் பிள்ளைகளுக்காக அதைத் தொட முடியாது. அதை அறிக்கையில் ஒரு வரிக் குறிப்பாகச் சேர்த்தோம். அந்த ஆண்டு விழாவிலும் பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுத்தார்கள், அது பத்திரிகைகளிலும் வந்தது. நாங்கள் சேர்த்த வரி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

இதில் பொதுமக்களுக்கு என்ன உரிமை என்று சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அறவாரியத்துக்கு ரொக்கமாகக் கொடுப்பதைத் தனிநபர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். அந்தக் கழிவால் அரசாங்கத்துக்கு வராமல் போகும் வரி எல்லாருடைய பணம். தோட்டத்தில் பால் வெட்டிய பணத்தில் 10 வெள்ளி உண்டியலில் போட்டவருக்கும் கேட்க உரிமை உண்டு. இதைச் சொன்னபோது மேடையில் இருந்தவர்கள், "ஐயா, நல்ல காரியத்தில் குறை பார்க்காதீர்கள்" என்று என்னை உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்த தங்கள் நிருபர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் செய்தியில் வாழ்த்துரைகள் மட்டுமே இருந்தன. அவரை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மனம் வருந்தியது உண்மை.

தங்களிடம் கேட்பது சிறிய விஷயம். இனி உபகாரச் சம்பளச் செய்தி வரும்போது, படத்தோடு மூன்று விவரங்களைக் கேட்டுப் போடுங்கள்: ஆண்டு முடிவில் நிதியின் மீதி, அந்த மீதி எந்தப் பிணையும் இல்லாமல் வங்கியில் இருக்கிறதா என்பது, அதே படிப்பில் உபகாரச் சம்பளம் பெறாத மாணவர் கட்டிய கட்டணம். கொடுக்க மறுத்தால், 'விவரம் தரப்படவில்லை' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். என் தங்கை மகளின் கட்டண விவரத் தாள் என்னிடம் இருக்கிறது. அவளும் அவள் பெற்றோரும் சம்மதித்திருக்கிறார்கள். தங்கள் நிருபர் வந்தால், பெயரை மறைத்துக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காய்வு ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்.