செவ்வாய்க்கிழமை வர வேண்டிய மூன்று பழப்பெட்டிகள் குறித்துப் புகார்

உழவர் குழுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். அப்பாவின் திதிக்குப் படைக்க உங்களிடம் மூன்று பருவப் பெட்டிகளுக்குச் சொல்லியிருந்தேன். திதி புதன்கிழமை. பெட்டிகள் வெள்ளிக்கிழமை வந்தன.

இன்ஸ்டாகிராமில் நீங்கள் போட்ட ஐந்து படங்களில் முதல் நான்கைத் தங்கை எங்கள் குடும்பப் புலனக் குழுவில் அனுப்பினாள். பெட்டி 35 ரிங்கிட், உள்ளே ரம்புத்தானும் மங்குஸ்தீனும் டுக்குவும் தலா ஒரு கிலோ, விநியோகம் செவ்வாய், வெள்ளி, அப்புறம் ஆர்டர் செய்யும் முறை. எல்லாம் தெளிவாக இருந்ததால் ஞாயிறு மதியமே 105 ரிங்கிட் கட்டி, ரசீதையும் தோட்ட முகவரியையும் அனுப்பினேன். "நன்றி" என்று பதில் வந்தது.

செவ்வாய் மாலை அழைத்துக் கேட்டபோதுதான் ஐந்தாவது படத்தைப் பார்க்கச் சொன்னீர்கள். அதன் அடியில் பொடி எழுத்தில், தோட்டங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும், பெட்டிக்கு 6 ரிங்கிட் கூலி என்று இருக்கிறது. நாள் மூன்றாவது படத்தில், அந்த நாள் யாருக்கு என்பது ஐந்தாவதில். இங்கே பலரும் பதிவைப் பார்ப்பதில்லை, கைமாறி வரும் ஒன்றிரண்டு படங்களைத்தான் பார்க்கிறோம். சரி, நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் முகவரி உங்கள் கையில் இருந்ததே! "உங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வரும், சம்மதமா?" என்று ஞாயிறன்றே ஒரு வரி கேட்டிருந்தால் பசாரில் வாங்கியிருப்பேன். அப்பாவுக்கு மங்குஸ்தீன் என்றால் உயிர். கடைசியில் கடை வாழைப்பழத்தை வைத்துப் படைத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் மனதை அறுக்கிறது.

வந்த பழமும் அன்று பறித்ததல்ல. பெட்டியில் ஒட்டிய சீட்டில் செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது. ரம்புத்தானின் முடி கறுத்துச் சுருண்டிருந்தது. நல்ல மங்குஸ்தீன் விரலால் அழுத்தினால் ஓடு கொஞ்சம் அமுங்கும். இவற்றில் பாதி கல்லாக இறுகிக் கிடந்தன, கத்தி வைத்தும் பிளக்க முடியவில்லை. நகரத்துக்குக் கட்டும்போதே எங்கள் பெட்டியையும் கட்டி மூன்று நாள் வைத்திருந்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒரே வாசலில் இறக்கிய மூன்று பெட்டிக்கு 18 ரிங்கிட் கூலியும் வாங்கிக்கொண்டார் வண்டிக்காரர்.

மங்குஸ்தீனுக்கான பணத்தையும், ஒரு பெட்டிக்கான கூலி போக மீதி 12 ரிங்கிட்டையும் திருப்பித் தாருங்கள். பழங்களின் படங்களையும் சீட்டின் படத்தையும் புலனத்தில் அனுப்பியிருக்கிறேன்.

மூன்றாவது படத்தையும் மாற்றுங்கள். "செவ்வாய்: நகரம் மட்டும். வெள்ளி: நகரம், தோட்டங்கள்" என்று அங்கேயே பெரிதாகப் போட்டு, கூலியை முதல் படத்தில் விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆர்டர் முறையில், பணம் கட்டும் முன் முகவரியை அனுப்பி, விநியோக நாளை நீங்கள் உறுதி செய்த பிறகே கட்டச் சொல்லுங்கள். தோட்டப் பெட்டிகளை வியாழன் மாலைக்கு முன் கட்டாதீர்கள்.

ஒரு வாரத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று பெட்டி வாங்கிய வாடிக்கையாளர்