லென்ஸ் வாங்கின கதை

மாப்ள,

நாலு மாசமா போனை எடுக்கலைன்னு நீ திட்டினது நம்ம சொட்டை வழியா வந்து சேர்ந்துச்சு. அம்மா நல்லா இருக்காங்க. கல்யாணம் தை 20னு முடிவாயிருச்சு, இப்பவே லீவுக்கு எழுதிப் போடு.

இனி சொல்றது போன்ல சொல்ற விஷயம் இல்ல. படிச்சதும் கிழிச்சிரு.

நிச்சயம் முடிஞ்ச வாரம் குளிக்கிறப்ப பார்த்தேன். ஆணுறுப்பு மொட்டோட விளிம்பைச் சுத்தி, கடுகுல பாதி அளவு, தோல் நிறத்துல பொடிப்பொடியா வரிசையா. வலி இல்ல, அரிப்பு இல்ல. முன்னாடியே இருந்துச்சோ என்னமோ, அங்க போய் யாருடா உத்துப் பார்த்தா? ஆனா கோவா விஷயம் உனக்குத் தெரியும்ல, ஏழு வருஷமா செத்துக் கிடந்தது அன்னைக்கு ராத்திரி எந்திரிச்சு கட்டில்ல உக்காந்துக்கிச்சு.

போனை எடுத்துத் தேடினேன். பத்து நிமிஷத்துல பால்வினை மரு, அரை மணியில புற்றுநோய். மறுநாளும் தேடினேன், அதுக்கு மறுநாளும். தபால்தலை பார்க்கிற லென்ஸ் ஒண்ணு வாங்கி, பாத்ரூம்ல டார்ச்சோட தினம் ஒரு போட்டோ. சிரிக்காதே. டெட்டால் ஊத்திக் கழுவினேன். மெடிக்கல்ல வாயைத் திறக்காம 'படைக்கு'ன்னு கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். மூணே நாள்ல நிஜமாவே செவந்து எரிய ஆரம்பிச்சது. 'பரவுது'ன்னு முடிவு பண்ணிட்டேன். ஒண்ணுக்குப் போனா எரியும்னு ஒரு இடத்துல படிச்சேன், அன்னைக்கு எரிஞ்சது. நாக்குல வெள்ளை படியும்னு படிச்சேன், நாக்கும் வெள்ளையாத் தெரிஞ்சது.

நம்பிக்கை மையத்துல ரத்தம் குடுத்தேன். எச்.ஐ.வி. இல்லைன்னு வந்துச்சு. அந்த நிம்மதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான். 'ஒருவேளை மாத்திக் குடுத்திருந்தா?' தனியார் லேபுல இன்னும் ரெண்டு தடவை. ஏழு வருஷம் ஆனவனுக்கு ஒரு தடவையே போதும்னு அங்க இருந்தவர் சொல்லியும் கேக்கல. இன்னொரு கூத்து, மருவுக்கும் அந்த ரத்தப் பரிசோதனைக்கும் சம்பந்தமே இல்லையாம். அதைத் தெரிஞ்ச ஆள் கண்ணால பார்த்துத்தான் சொல்லணும். நான் அதை மட்டும் பண்ணல.

கடைசியில பெரியாஸ்பத்திரி தோல், பால்வினை ஓபிக்குப் போனேன். பார்த்தது ஒரு டாக்டரம்மா, என் அம்மா வயசு. கூசிப் போச்சு. அவங்க அரை நிமிஷம் பார்த்துட்டு, "இது தோலோட இயல்பான அமைப்பு. முத்துப் பருன்னு சொல்லுவாங்க. நிறைய ஆம்பளைகளுக்கு இருக்கும், ஒட்டாது, மருந்தும் வேண்டாம்"னாங்க. நான் விடுவேனா? போட்டோவை எல்லாம் காட்டினேன். எரிஞ்சு விழுவாங்கன்னு பார்த்தா, முதல் போட்டோவையும் கடைசிப் போட்டோவையும் அடுத்தடுத்து வச்சாங்க. நடுவுல 61 நாள். "எண்ணுப்பா"ன்னாங்க. அதே வரிசை, அதே அளவு, ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. மருவா இருந்தா ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு தாறுமாறா இருக்கும், மேல சொரசொரன்னு காலிஃபிளவர் மாதிரி வரும், ரெண்டு மாசத்துல பெரும்பாலும் எண்ணிக்கையாவது அளவாவது மாறியிருக்கும்னாங்க.

அப்புறம் அவங்க கேட்டதுதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. "எரிச்சல் என்னைக்கு வந்துச்சு, அதைப் பத்தி என்னைக்குப் படிச்சே?" யோசிச்சா, எல்லாமே படிச்சதுக்கு அப்புறம். நோய் நீ படிச்சாலும் படிக்காட்டியும் தன் போக்குல போகும், உன்னுது போன் போற பக்கமெல்லாம் போகுதுன்னாங்க. செவப்பு மட்டும் நெசம், ஆனா அதைப் பண்ணினது டெட்டாலும் அந்த டியூப்பும். அதுல ஸ்டீராய்டு கலந்திருக்காம், அந்த இடத்துத் தோலை மெலிய வச்சிருமாம். ரெண்டையும் நிறுத்தி வெறும் தண்ணில கழுவச் சொன்னாங்க. பத்து நாள்ல போயிருச்சு.

பயந்தவனுக்கு நோயே வராதுன்னு இல்லடா, அதையும் சொன்னாங்க. ஆறாத புண்ணு, வலி இல்லாட்டியும் சரி, சீழ் வடியுறது, புதுசா வந்து வளர்ற கட்டி, இதுல எது வந்தாலும் தேடாம நேரா வரணும். விதை திடீர்னு வலிச்சா விடியட்டும்னுகூட இருக்கக் கூடாது, சில மணி நேரத்துல ஆபரேஷன் வேண்டியிருக்கலாம்.

எனக்குக் குடுத்த மருந்து, தேடுறதை நிறுத்துறது. கை பரபரக்கிறப்ப அரை மணி நேரம் தள்ளிப் போடு, அந்த வேகம் ஏறி தானா இறங்கும்னாங்க. முதல் வாரம் செத்தேன். போனை அம்மாகிட்ட குடுத்துட்டு மாடியில நடந்தேன், கல்யாணக் கவலைன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்க. இப்ப வாரத்துக்கு ஒரு தடவை கை போகுது. நேத்துகூட பாதி டைப் பண்ணி அழிச்சேன். இப்படியே தொடர்ந்தா மனநல டாக்டரைப் பார்க்கணும்னு சீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. சீட்டு பர்ஸ்ல இருக்கு. பொண்ணுகிட்ட கோவாவைச் சொல்றதா வேண்டாமாங்கிறதுதான் இப்ப நிஜமான பிரச்சினை. அதுக்கு நீ எழுது.

உன் பையன் பூச்சி பிடிச்சு விளையாடுறான்னு சொன்னியே, இதோட ஒரு லென்ஸ் அனுப்புறேன். டெட்டால்ல கழுவிட்டேன்.

உன்,
குண்டு