முகாம் சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

அன்புள்ள கவின்,

நமீப் பாலைவன ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று நீ அனுப்பியதை அப்பாவிடம் காட்டினேன். "ஏழு நாள் மணல்ல ஓட காசு வேற கட்டுறானா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் தமிழ் முரசுக்குள் போய்விட்டார். ஆனால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கோபி பாலைவனத்தில் நானும் ஓடியிருக்கிறேன், அதற்கு முன் வார்டில் புண் கட்டிக் கட்டியே காலம் தள்ளியவள்.

மொத்தம் 250 கிலோமீட்டர். முதல் நாலு நாள் தினமும் 40 போல, ஐந்தாம் நாள் 80 போல வரும். நான் பார்த்தவரை, பாதியில் நின்றவர்களுக்கு மூச்சு தீரவில்லை, கால்தான் தீர்ந்தது.

கொப்புளம் எப்படி வருகிறது தெரியுமா? வெறும் உரசல் மட்டும் காரணமில்லை. அடி வைக்கும்போது உள்ளே எலும்பு நகர்கிறது, தோல் மட்டும் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் உள்ள திசு இழுபட்டு விட்டுப்போய் அங்கே நீர் கோர்க்கிறது. ஈரத்தோல் இன்னும் அதிகமாக ஒட்டும், மணல் புகுந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஷூ வழக்கத்தைவிட அரை சைஸாவது பெரிதாக வாங்கு, நாள் போகப் போகப் பாதம் வீங்கும். மணல் புகாமல் கணுக்காலை மூடும் துணி உறையை வெல்க்ரோவால் வெறுமனே ஒட்டாதே, செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஷூவைச் சுற்றித் தைத்துவிடு.

என் கூடாரத்தில் ஒரு பெண் இருந்தாள். இரண்டாம் நாள் 30-ஆவது கிலோமீட்டரில் குதிகால் ஓரம் சூடாக எரிந்திருக்கிறது. இன்னும் பத்துதானே என்று ஓடிவிட்டாள். முகாமுக்கு வந்தபோது ஐம்பது காசு அளவு கொப்புளம். எரிச்சல் தெரிந்த அந்த நிமிடமே உட்கார்ந்து, மணலைத் தட்டி, துடைத்து, டேப் ஒட்டியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

அவளுக்குச் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கையையும் காலையும் கழுவி நன்றாகக் காயவிட்டோம். ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, கிருமி நீக்கிய ஊசியால் கொப்புளத்தின் கீழ் ஓரத்தில் மூன்று நாலு சிறு துளைகள். பெரிய துளை போட்டால் தோல் கிழிந்து கழன்றுவிடும். நீரை மெல்ல அழுத்தி எடுத்தோம், மேல்தோலை மட்டும் வெட்டவில்லை. அதுதான் இலவசக் கட்டு. சுற்றியுள்ள நல்ல தோலில் மட்டும் டிங்சர் பென்சாயின் தடவினோம். புண்ணில் பட்டால் உயிர் போகும். அது பிசுபிசுப்பானதும் மூலைகளை வட்டமாக வெட்டிய டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டினோம். டேப்பை உரிக்க வேண்டி வந்தால் வெடுக்கென்று இழுக்காதே, மேல்தோல் கூடவே வந்துவிடும். ரத்தம் கோர்த்த கொப்புளத்தைக் குத்தாதே. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அங்குள்ள மருத்துவரிடம் போ, வீரம் காட்டாதே.

முகாம் சேர்ந்ததும் படுத்துவிடாதே. முதலில் மைலோவும் பால் பவுடரும் கலந்து குடி, அப்புறம் கால், அப்புறம் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு காலை உயர்த்திப் படு. இந்த வரிசையை மாற்றினால் தூங்கிப்போவாய், ஈரச் சாக்ஸோடு.

சாப்பாட்டைப் பார்ப்போம். ஏழு நாளைக்கும் குறைந்தது 14,000 கலோரி நீயே சுமக்க வேண்டும். தண்ணீரும் முகாமில் வெந்நீரும் மட்டும் கொடுப்பார்கள். ஒரு நாள் பொட்டலத்துக்கு 150 கிராம் அவல், 100 கிராம் வேர்க்கடலை, 100 கிராம் பேரீச்சம்பழம், மைலோவும் பால் பவுடரும் சேர்ந்து 100 கிராம், 50 கிராம் கடலைமிட்டாய். மொத்தம் அரைக் கிலோ, 2,000 கலோரிக்குச் சற்று மேல். அவலுக்கு அடுப்பு வேண்டாம், வெந்நீர் ஊற்றி ஊறுகாய் தொட்டுச் சாப்பிடு, போன உப்பும் கொஞ்சம் திரும்பும். கடலையை மட்டுமே கட்டினால் பை இன்னும் இலேசாகும்தான், ஆனால் ஓடும்போது அவ்வளவு எண்ணெய்ப்பசை செரிக்காது. பேரீச்சம்பழத்தைப் பகலுக்கு வை, கடலையை இரவுக்கு. முதல் நாள் பையில் சாப்பாடு மட்டுமே மூன்றரைக் கிலோ இருக்கும். பிறகு தினமும் அரைக் கிலோ இறங்கும்.

மாற்றுத்துணி ஒரு ஜோடிக்கு மேல் வேண்டாம். சாக்ஸ் மட்டும் மூன்று ஜோடி, ஒன்று தூங்க மட்டும்.

அடுத்த மாதம் இங்கே சிங்கப்பூருக்கு வரும்போது டேப்பை மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப் பாதையில் சோதித்துப் பார்ப்போம். நம் ஊர் வியர்வையில் நாலு மணி நேரம் உரியாத டேப் அங்கேயும் நிற்கும். மணலுக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை போதும், முழுப் பையையும் சுமந்துதான் ஓட வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நகம் வெட்டிவிடு.

பையில் என்னென்ன வைக்கப் போகிறாய், ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று எழுதி அனுப்பு. எதை எடுக்கலாம் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா